ராத்திரியில் தானாக ஓடிய மோட்டார்: ஒரே வீட்டில் சிங்கிள் லீவரும் தனித்தனிக் குழாயும்

போன டிசம்பரில் அக்கா போன் பண்ணினாள். "தம்பி, மாடியில இருக்கற பிரஷர் மோட்டார் ராத்திரியெல்லாம் தானா ஓடுதுடா. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா டுர்ர்னு ரெண்டு செகண்ட் ஓடி நிக்குது. மோட்டார் கெட்டுப்போச்சா, மாத்தணுமான்னு பார்த்துச் சொல்லு." நான் பதினைந்து வருஷமாக ஹாஸ்டல், அபார்ட்மென்ட் மாதிரியான இடங்களில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். அந்தச் சத்தத்தைச் சொன்னதுமே மோட்டாரில் கோளாறு இல்லை, எங்கேயோ குழாய் சொட்டுகிறது என்று புரிந்துவிட்டது. ஆனால் அந்தச் சொட்டைத் தேடிப்போன கதை, ஐந்து வாரம் அளந்து, குழாய்க்குள் தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் ஒன்றும் ஒரு வால்வும் மாற்றி, கடைசியில் வேறொரு கேள்விக்குப் பதிலாக முடிந்தது: சுடுதண்ணிக்கும் பச்சைத் தண்ணிக்கும் தனித்தனிக் குழாய் நல்லதா, இரண்டையும் கலந்து கொடுக்கும் சிங்கிள் லீவர் நல்லதா? ஒரே வீட்டில் இரண்டும் இருந்ததால் அளந்து பார்க்க முடிந்தது.

வீடு கோயம்புத்தூர் துடியலூர் பக்கம். கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம். குளியலறைகளுக்கு வருவது போர் தண்ணீர், நல்ல உப்பு. குழாய் மூக்கில் ஒரு மாதம் துடைக்காமல் விட்டால் வெள்ளையாகப் படிந்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். கீழே மாமாவின் அப்பா அம்மா இருக்கிறார்கள். அவர்கள் குளியலறையில் பழையபடி இரண்டு தனிக் குழாய்கள், இரண்டும் கால்வாசி சுற்றிலேயே முழுக்கத் திறக்கும் கால் திருப்பு குழாய், அடியில் வாளி. மேலே அக்கா, மாமா, இரண்டு பிள்ளைகள். 2020-ல் மேல் குளியலறையை இடித்துப் புதுசாகக் கட்டியபோது சுவருக்குள் புதைக்கும் கன்சீல்டு டைவர்ட்டர் போட்டார்கள். வெளியே தெரிவது ஒரு தகடும் ஒரு லீவரும்தான், அதைத் தூக்கினால் தண்ணீர், இடது பக்கம் திருப்பினால் சூடு, வலது பக்கம் பச்சைத் தண்ணீர், ஒரு பட்டனை இழுத்தால் ஷவர், தள்ளினால் கீழே மூக்குக் குழாய். வெளியே வாஷ்பேசினிலும் சிங்கிள் லீவர்தான்.

மொட்டை மாடியில் மாடிப்படி அறையின் மேல் தொட்டி. அதிலிருந்து ஒவ்வொரு குளியலறைக்கும் தனி லைன் இறங்குகிறது, ஃப்ளஷ் தொட்டிகளுக்கு வேறு லைன். இந்த அமைப்புதான் எனக்கு அதிர்ஷ்டம், ஏனென்றால் லைனுக்கு ஒன்றாக இரண்டு அரை இஞ்ச் தண்ணீர் மீட்டர் மாட்டினால் போதும், எந்தக் குளியலறை எவ்வளவு குடிக்கிறது என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும். ஹீட்டருக்குப் போகும் தண்ணீரும் அதே லைனில்தான் பிரிகிறது என்பதால் சூடும் பச்சையும் சேர்ந்தே கணக்கில் வரும்.

முதலில் அந்த மோட்டார் ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், தண்ணீர்க் கணக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது. தொட்டியின் அடிமட்டம் மொட்டை மாடித் தரையிலிருந்து இரண்டரை மீட்டர் மேலே. மேல் தளத்தின் உயரம் மூன்று மீட்டர். ஷவர் தலை தரையிலிருந்து 2.1 மீட்டரில் இருக்கிறது. கழித்துப் பார்த்தால் தொட்டிக்கும் ஷவருக்கும் நடுவே வெறும் 3.4 மீட்டர்தான் இறக்கம். பத்து மீட்டர் இறக்கம் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம், ஆக ஷவரில் கிடைத்தது 0.34 பார், அதிலும் வழியிலுள்ள வளைவுகளும் வால்வும் கொஞ்சம் சாப்பிட்டுவிடும். டைவர்ட்டர் பெட்டியில் குறைந்தது 1 பார் வேண்டும் என்று அச்சடித்திருந்தது. வாங்கும்போது யாரும் அதைப் படிக்கவில்லை, கடையிலும் சொல்லவில்லை. சிங்கிள் லீவருக்குள் தண்ணீர் போகும் துளைகள் சின்னவை, இரண்டு பீங்கான் தட்டுகளுக்கு நடுவே திரும்பித் திரும்பிப் போக வேண்டும், அதனால் தொட்டியின் இயல்பான இறக்கத்தில் அது முக்கிக்கொண்டுதான் வரும். புது ஷவரில் நிமிடத்துக்கு 4 லிட்டர் வந்ததாம். இதற்கா இவ்வளவு செலவு என்று மாமாவுக்கு மனசு கேட்கவில்லை, மறு மாதமே மேல் லைனில் பிரஷர் மோட்டார் வைத்துவிட்டார். இப்போது அதே ஷவரில் நிமிடத்துக்கு 11 லிட்டர்.

கீழே உள்ள பழைய குழாய்க்கு எந்த மோட்டாரும் இல்லை. தொட்டிக்கும் அதற்கும் ஏறக்குறைய 8 மீட்டர் இறக்கம், முழுக்கத் திறந்தால் நிமிடத்துக்கு 12 லிட்டர் வருகிறது, வாளி ஒன்றரை நிமிடத்தில் நிறைகிறது. யாருக்கும் குறை இல்லை.

சரி, சொட்டுக்கு வருவோம்.

சிங்கிள் லீவர் சொட்டுகிறதா என்று பார்ப்பதில் ஒரு ஏமாற்று உண்டு. ஷவரை மூடின பிறகும் கொஞ்ச நேரம் சொட்டும், அது ஷவர் கையிலும் தலையிலும் தங்கின தண்ணீர் வடிவது, கசிவு இல்லை. அதனால் எல்லோரும் குளித்து முடித்து அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன். மூக்குக் குழாயின் நுனியில் ஒரு துளி திரண்டு, கனத்து, நடுங்கி விழுந்தது, உடனே அடுத்தது திரள ஆரம்பித்தது. லீவரை எவ்வளவு அழுத்தி மூடினாலும் துளியின் வேகம் மாறவில்லை. பழைய வாஷர் குழாய் என்றால் இறுக்கி மூடினால் சொட்டு குறையும், ரப்பர் நசுங்கி அடைக்கும். பீங்கான் தட்டில் இறுக்குவதற்கு ஒன்றுமில்லை, தட்டு மேல் தட்டு வழுக்கி மூடுவதுதான் அதன் வேலை. இறுக்கினால் லீவர்தான் ஆட்டம் காணும்.

எந்தப் பக்கத்துச் சொட்டு என்று கண்டுபிடிக்க ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடினேன். ஐந்து நிமிடத்தில் சொட்டு நின்றுவிட்டது. திறந்ததும் மறுபடி வந்தது. ஆக சுடுதண்ணிப் பக்கம்தான். உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து படிய ஆரம்பிக்கும், ஹீட்டருக்குள் செதிலாக ஒட்டும், அதில் உதிர்வது குழாய்க்குப் போய் தட்டுகளுக்கு நடுவே மாட்டும்.

அளவு பார்க்க மீட்டரை நம்ப முடியாது. இந்த மாதிரி சின்ன மீட்டர்கள் சொட்டுக்கெல்லாம் ஒழுங்காகச் சுற்றாது, ஓரளவு ஓட்டம் இருந்தால்தான் உள்ளே உள்ள சக்கரம் நகரும். அதனால் இரவு 10 மணிக்கு மூக்குக்கு அடியில் காலி வாளியை வைத்துவிட்டுக் காலை 5 மணிக்கு அளந்தேன். மூன்றரை லிட்டர். மணிக்கு அரை லிட்டர், நாளைக்கு 12 லிட்டர், மாதத்துக்கு 360 லிட்டர். சொட்டின் பின்னால் மோட்டாரும் ஓடுகிறது: அழுத்தம் கொஞ்சம் இறங்கியதும் அதன் சுவிட்ச் விழுந்து ஓடும், ஏறியதும் நிற்கும். ஹீட்டர் போட்டிருக்கும் நேரத்தில் சொட்டுவது சுட்ட தண்ணீர் வேறு.

இப்போது பழுது பார்க்கும் கதை. சிங்கிள் லீவர் பழுதில் எவ்வளவு சுலபமான இடமும் எவ்வளவு சிக்கலான இடமும் இருக்கின்றன என்பது இந்த ஒரு குழாயிலேயே தெரிந்தது.

சுலபமான பகுதி கழற்றுவது. லீவரில் சிவப்பும் நீலமும் போட்ட சின்ன மூடியைக் கத்தி நுனியால் நெம்பினால் உள்ளே ஒரு குட்டித் திருகாணி, அதற்கு 2.5 மில்லிமீட்டர் ஆலன் கீ. லீவர் கையோடு வந்துவிடும். பிறகு குமிழ் மாதிரி ஒரு மூடி, கையாலேயே சுற்றிக் கழற்றலாம், உப்பு பிடித்திருந்தால் துணியைச் சுற்றி ரென்ச்சால் பிடிக்க வேண்டும். அதற்கு உள்ளே ஒரு பித்தளை நட், அதைக் கழற்றினால் கார்ட்ரிட்ஜ் நேராக வெளியே வரும். பத்து நிமிட வேலை.

ஆனால் அதற்கு முன்னால் தண்ணீரை அடைக்க வேண்டுமே. வாஷ்பேசின் மிக்சர் என்றால் அடியில் இரண்டு ஆங்கிள் வால்வு இருக்கும், மூடிவிட்டு வேலையைத் தொடங்கலாம். சுவருக்குள் புதைத்த டைவர்ட்டருக்கு அப்படி எதுவும் இல்லை, மொட்டை மாடியில் உள்ள கேட் வால்வை மூட வேண்டும். மூடினால் அது முழுக்க மூடவில்லை. பல வருஷம் யாரும் தொடாமல் அடியில் உப்பு கட்டி, கேட் இறங்கி உட்கார இடமில்லாமல் போய், விரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. தொட்டியைக் காலி பண்ணி, அந்த கேட் வால்வை அறுத்தெடுத்து, பால் வால்வு போட்டோம். அந்த வேலைக்கு மட்டும் 1,400 ரூபாய், அரை நாள். கார்ட்ரிட்ஜைவிட அதுதான் அதிகம். சொட்டும் சிங்கிள் லீவரைச் சரி பண்ணப் போகும் யாரும் முதலில் போய் மேல் வால்வு மூடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து ஆலன் கீயை எடுங்கள், இல்லாவிட்டால் திறந்த சுவரிலிருந்து பீய்ச்சும் தண்ணீரோடு நிற்க வேண்டியிருக்கும்.

கார்ட்ரிட்ஜை எடுத்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். உளுந்து அளவில் இரண்டு வெள்ளைக் கட்டிகள் சுடுதண்ணித் துளையில். கீழ்ப் பீங்கான் தட்டில், அந்தத் துளையின் விளிம்பிலிருந்து நடுவரைக்கும் முடி மாதிரி ஒரு கீறல், விரலால் தடவினால் தெரியாது, சாய்த்துப் பிடித்தால் வெளிச்சத்தில் தெரியும். அந்தக் கீறல் வழியாகத்தான் மணிக்கு அரை லிட்டர். அன்று ராத்திரி அதை வினிகரில் ஊறப் போட்டு, காலையில் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டிப் பார்த்தோம், உப்பு போய் லீவர் லேசானது, சொட்டும் ஓரளவு குறைந்தது, நிற்கவில்லை. வெறும் உப்பு என்றால் வினிகரிலேயே சரியாகியிருக்கும், கீறலுக்கு மருந்தில்லை. (சிலர் பாத்ரூம் கழுவும் ஆசிட்டில் போடுகிறார்கள். வேண்டாம், பித்தளையையும் நிக்கல் பூச்சையும் அது தின்றுவிடும், ரப்பரும் வீணாகும்.)

புது கார்ட்ரிட்ஜ் வாங்கப் போனதில்தான் சிக்கல். வெளி விட்டம் 40 மில்லிமீட்டர், அது கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவுதான். ஆனால் அளவு ஒன்றாக இருந்தால் போதாது. அடியில் உள்ள இரண்டு குமிழ்கள் சுவருக்குள் இருக்கும் பாடியின் குழிகளில் சரியாக உட்கார வேண்டும், துளைகளின் இடம் பொருந்த வேண்டும், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் உயரமும் பொருந்தினால்தான் பழைய லீவர் அதில் மாட்டும். நாலு கடை ஏறி இறங்கினோம், வாங்கின கடையில் அந்த மாடல் நின்றுபோய்விட்டது என்றார்கள். பன்னிரண்டு நாள் கழித்து அதே கம்பெனியின் வேறொரு மாடலுக்கான கார்ட்ரிட்ஜ் பொருந்தும் என்று வரவழைத்துத் தந்தார்கள், 850 ரூபாய். அதுவும் கிடைக்காமல் போயிருந்தால்? குழாயைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கலாம் என்பது வெளியே மாட்டும் மிக்சருக்குத்தான். இது சுவருக்குள் சிமெண்ட்டோடு இருக்கிறது. டைல்ஸை உடைக்க வேண்டும், அதே டிசைன் டைல்ஸ் இப்போது கிடைக்காது, கொத்தனாரையும் கூப்பிட வேண்டும்.

புதியதைப் போடும் முன் பாடிக்குள் இருக்கும் உப்புத் துணுக்குகளை வெளியேற்ற வேண்டும், இதை நிறைய பிளம்பர்கள் விட்டுவிடுகிறார்கள். கார்ட்ரிட்ஜ் இல்லாமலேயே, வாளியை முன்னால் பிடித்துக்கொண்டு, மேலே ஒருவர் வால்வை ஒரு விநாடி திறந்து மூட வேண்டும். எங்களுக்கு ஒரு கைப்பிடி வெள்ளைப் பொடி வந்தது. அதை அப்படியே விட்டு மூடியிருந்தால் புதுத் தட்டும் ஒரு மாதத்தில் கீறியிருக்கும். நட்டைக் கையால் முடிந்தவரை திருகி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும். அதற்கு மேல் இறுக்கினால் தட்டுகள் நெருங்கி லீவர் கல் மாதிரி ஆகிவிடும், பெரியவர்களால் தூக்க முடியாது.

இதற்குப் பக்கத்தில் கீழ்க்குழாயின் கதையை வைத்துப் பாருங்கள். சுடுதண்ணிக் குழாயின் உள் ஸ்பிண்டிலை இதுவரை இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள். பச்சைத் தண்ணிக் குழாயைத் தொடவே இல்லை. கடைசியாக மாற்றியபோது 180 ரூபாய், மாமாவின் அப்பா தானே மாற்றினார். கைப்பிடியைக் கழற்றி, ஸ்பேனரை வைத்துத் திருகினால் ஸ்பிண்டில் முழுசாக வந்துவிடுகிறது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அதே மாதிரி ஒன்று வாங்கி வந்தார். அதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. கைப்பிடி உட்காரும் பல் எண்ணிக்கை மாறும், இருபது பல்லும் உண்டு, இருபத்துநாலு பல்லும் உண்டு, அப்புறம் திறக்கும் திசை இடது வலது என்று வேறுபடும். மாதிரியைக் கையோடு கொண்டுபோனால் குழப்பமில்லை. இதற்கும் பழசான, பல சுற்று சுற்றித் திறக்கும் வாஷர் குழாய் என்றால் பத்து ரூபாய் வாஷரில் முடிந்துவிடும்.

முக்கியமான வேறுபாடு ஒன்றை அங்கே பார்த்தேன். தனிக் குழாயில் சூட்டுப் பக்கம் கெட்டால் சூட்டுப் பக்கம் மட்டும்தான் கெடுகிறது, குளியலறை ஓடுகிறது. சிங்கிள் லீவரில் ஒரு பக்கத்துக் கீறல் இரண்டு பக்கத்தையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது. அந்தப் பன்னிரண்டு நாளும் அக்கா வீட்டில் ராத்திரி படுக்கும் முன் மாடிக்குப் போய் வால்வை மூடி, காலை 5 மணிக்குப் போய்த் திறந்தார்கள்.

இந்தக் காத்திருப்பில்தான் மீட்டர்களை மாட்டினேன். முதல் வாரம் யாரிடமும் எதையும் மாற்றச் சொல்லவில்லை. மேல் லைன் ஏழு நாளில் 2,604 லிட்டர், நாலு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 93 லிட்டர். கீழ் லைன் 728 லிட்டர், இரண்டு பேர், ஆளுக்கு 52. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

மாமா உடனே சொன்னார்: "பார்த்தியா மாப்ளே, இந்த சிங்கிள் லீவர்தான் தண்ணியைக் குடிக்குது, பழைய குழாயே மேல்." எனக்கு அது அவ்வளவு நேராகத் தோன்றவில்லை. கீழே வாளிக் குளியல், மேலே ஷவர் குளியல். கீழே மோட்டார் இல்லை, மேலே இருக்கிறது. குழாயைத் தவிர இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது பழியைக் குழாய் மேல் மட்டும் போட முடியாது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம் என்றேன்.

கார்ட்ரிட்ஜ் மாற்றிய பிறகு, சொட்டு நின்ற வாரத்தில், பழக்கத்தை மாற்றாமல் அளந்தோம்: ஆளுக்கு 91. சொட்டு நிற்பதால் மோட்டார் அமைதியானது, ராத்திரி தூக்கம் வந்தது, ஆனால் இரண்டு தளத்துக்கும் உள்ள பெரிய இடைவெளி அப்படியே இருந்தது. அடுத்த வாரம் பட்டனைத் தள்ளி விட்டு மூக்குக் குழாயில் வாளி வைத்துக் குளிக்கச் சொன்னேன். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் செய்தார்கள். மேல் லைன் 1,596 லிட்டர், ஆளுக்கு 57. கீழே 52, மேலே 57. அதே சிங்கிள் லீவர், அதே மோட்டார், அதே ஆட்கள். வாளி வந்ததும் இரண்டு மடங்கு வித்தியாசம் 5 லிட்டராகச் சுருங்கிவிட்டது.

காரணம் யோசித்தால் புரியும். சுடுதண்ணி குழாய்க்கு வந்து சேரும்வரை பைப்பில் தங்கியிருக்கும் ஆறின தண்ணீர் முதலில் வரும். அக்கா வீட்டில் ஹீட்டரிலிருந்து டைவர்ட்டர் வரை முக்கால் இஞ்ச் சிபிவிசி பைப் 4 மீட்டர், மீட்டருக்குக் கால் லிட்டர் என்று ஒரு லிட்டர்தான் அதில் இருக்கும். ஆனால் ஷவரில் நிற்பவர் அந்த ஒரு லிட்டர் போவதற்குள் லீவரை இன்னும் இடது பக்கம் தள்ளுவார், கொதிக்கக் கொதிக்க வரும், உடனே வலது பக்கம் தள்ளுவார், அது சில்லென்று வரும். ஷவருக்குக் கீழே வாளி வைத்து, சரி இப்போது நிற்கலாம் என்று அக்கா சொல்லும்வரை பிடித்தேன், மூன்றரை லிட்டர். சின்னவனுக்கு 6 லிட்டர். அவ்வளவும் தரையில் போகும் தண்ணீர். வாளிக் குளியலில் இந்தத் தண்ணீர் வீணே ஆகாது: ஆறின தண்ணீரும் வாளிக்குள்தான் விழுகிறது, கூடச் சூடு சேர்ந்தால் கலந்துவிடும். கலக்கும் வேலையை வாளி செய்கிறது, குழாய் செய்யத் தேவையில்லை. நம் வீட்டு வாளிக் குளியலுக்குத் தனித்தனிக் குழாய் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அதனால்தான்.

சிங்கிள் லீவர் பிறந்ததும் தண்ணீர் மிச்சம் பண்ண இல்லை. 1937-ல் அமெரிக்காவில் ஆல் மோயன் என்ற மாணவர் இரண்டு கைப்பிடிக் குழாயைத் திறந்தபோது எதிர்பாராமல் கொதிதண்ணீர் கையில் பட்டுவிட்டது, அதிலிருந்துதான் ஒரே கைப்பிடியில் சூட்டைக் கட்டுப்படுத்தும் யோசனை அவருக்கு வந்தது. ஓடும் தண்ணீரில் கை நீட்டிக் கழுவும் இடத்துக்கான விடை அது. வாளிக்கான விடை இல்லை.

அப்படியென்றால் சிங்கிள் லீவரால் தண்ணீர் மிச்சமே இல்லையா? இருக்கிறது, நாலாவது வாரம் அதைப் பார்த்தோம். ஷவர் கையின் மூட்டில் ஓட்டத்தைக் குறைக்கும் சின்ன பிளாஸ்டிக் வில்லை ஒன்றைப் போட்டேன், 11 லிட்டர் 6 லிட்டராகக் குறைந்தது. மோட்டார் இருப்பதால் வேகம் குறைந்த மாதிரித் தெரியவில்லை. அப்புறம் சோப்புப் போடும்போது லீவரை நேராகக் கீழே இறக்கிவிட்டு, முடித்ததும் நேராக மேலே தூக்கச் சொன்னேன், இடது வலது அசைக்காமல். லீவர் விட்ட இடத்திலேயே சூடு அப்படியே திரும்ப வரும். ஆளுக்கு 65 லிட்டரில் நின்றது, ஷவரோடு. இதை இரண்டு கைப்பிடி ஷவரில் செய்யச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். நான் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்டல் ஒன்றில் சுவரில் மாட்டும் இரண்டு கைப்பிடி மிக்சர்தான், சரியான சூட்டை ஒருமுறை பிடித்துவிட்டால் பையன்கள் சோப்புப் போடும்போதும் தலை தேய்க்கும்போதும் மூடவே மாட்டார்கள், மூடினால் மறுபடி இரண்டையும் திருகித் திருகித் தேட வேண்டும் என்ற பயம். ஷவர் என்றால் சிங்கிள் லீவர்தான் சரி, ஆனால் நடுவில் மூடும் பழக்கம் சேர்ந்தால்தான்.

வாஷ்பேசினில் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது, தண்ணீர் மீட்டரில் தெரியாத விஷயம். எல்லோரும் லீவரை நடுவில் வைத்தே தூக்குகிறார்கள், பார்க்க அழகாக நேராக இருப்பதால். நடுவில் தூக்கினால் பாதி சுடுதண்ணி லைனிலிருந்து வரும். பேசின் ஹீட்டரிலிருந்து 8 மீட்டர் தள்ளி இருக்கிறது, அந்தப் பைப்பில் 2 லிட்டர் நிற்கும். கை கழுவ முக்கால் லிட்டர் போகிறது, அதில் பாதி, சுமார் 0.4 லிட்டர், சூட்டு லைனிலிருந்து. கைக்குச் சூடு வந்து சேராது, பச்சைத் தண்ணீரில்தான் கழுவியிருப்பார்கள். ஆனால் ஹீட்டரிலிருந்து 0.4 லிட்டர் சுட்ட தண்ணீர் பைப்புக்குள் நகர்ந்து அங்கேயே ஆறிப்போகும், ஹீட்டருக்குள் அந்த அளவுக்குப் புதுத் தண்ணீர் ஏறும், அது மறுபடி சுட வேண்டும். ஹீட்டர் போட்டிருக்கும் காலை நேரத்தில் வீட்டில் 12 முறை கை கழுவினால் 4.8 லிட்டர், 30 டிகிரி ஏற்ற 0.17 யூனிட், மாதத்துக்கு 5 யூனிட். பெரிய தொகை இல்லை, ஆனால் யாருக்கும் பயன்படாத மின்சாரம். பேசின் அடியில் உள்ள சூட்டு ஆங்கிள் வால்வை மூடி வைத்தேன், அவ்வளவுதான். குளிர் அதிகமான நாளில் திறந்துகொள்ளலாம். தனிக் குழாயில் இந்தப் பிரச்சினைக்கே இடமில்லை, கை தானாகப் பச்சைத் தண்ணிக் குழாய்க்குத்தான் போகும்.

ஒரு இடத்தில் மட்டும் தனிக் குழாய் என்னைப் பயமுறுத்துகிறது. கீழே இருக்கும் பாட்டி, மாமாவின் அம்மா, முதலில் சுடுதண்ணியை வாளியில் பிடித்துவிட்டு அப்புறம் பச்சைத் தண்ணியைத் திறப்பார். ஹீட்டர் 60 டிகிரியில் இருந்தால், நடுவில் யாராவது கூப்பிட்டு அவர் வெளியே போனால், பாதி வாளி கொதிதண்ணீர் தரையில் நிற்கிறது, வீட்டில் சின்னப் பிள்ளை ஓடுகிறது. "பாட்டி, முதல்ல பச்சைத் தண்ணி, அதுக்கு மேல சூடு" என்று சொல்லியிருக்கிறேன், ஹீட்டரின் சூட்டையும் 50-க்குக் குறைத்து வைத்தேன். பாட்டிக்கு விரல் மூட்டு வலியும் உண்டு. கால் திருப்பு குழாய் பரவாயில்லை, ஆனால் உப்பு பிடித்து இறுகும்போது கஷ்டப்படுகிறார், லீவர் என்றால் மணிக்கட்டாலேயே தள்ளிவிடலாம்.

ஜனவரி கடைசியில் கீழ்க் குளியலறையை டைல்ஸ் மாற்றிப் புதுப்பிக்க முடிவு பண்ணினார்கள். கடையில் மேலே இருப்பது மாதிரியே கன்சீல்டு டைவர்ட்டர் போடலாம், பார்க்க நன்றாக இருக்கும் என்றார்களாம். மாமா என்னைக் கேட்டார். வாளி இருக்கும் இடத்தில் தனித்தனிக் கால் திருப்பு குழாயே இருக்கட்டும் என்றேன், கைப்பிடி மட்டும் பாட்டிக்காக நீளமானதாகப் பார்த்து வாங்கினோம், மணிக்கட்டால் தள்ளினாலே திறக்கும். பேசினுக்கு வெளியே மாட்டும் சிங்கிள் லீவர், அடியில் இரண்டு ஆங்கிள் வால்வோடு. ஷவர் வேண்டாம் என்று பெரியவர்களே சொல்லிவிட்டார்கள், அதனால் கீழ் லைனுக்கு மோட்டார் தேவைப்படவில்லை. குளியலறைக்குள் வரும் லைனில், எட்டிப் பிடிக்கும் உயரத்தில், ஒரு பால் வால்வு சேர்த்தோம், இனிமேல் ஸ்பிண்டில் மாற்ற மொட்டை மாடி ஏற வேண்டாம்.

மேலே உள்ள டைவர்ட்டரை எடுக்கவில்லை. அதே கார்ட்ரிட்ஜில் இன்னொன்று இப்போதே வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, 2.5 ஆலன் கீயையும் சேர்த்துக் கட்டி, குளியலறை அலமாரியின் உள்பக்கம் தொங்கவிட்டிருக்கிறோம். கவர் மேல் மாடல் எண்ணும் மாற்றின தேதியும் அக்காவின் கையெழுத்தில்.